லேப் அண்ணாச்சிக்கு ஒரு கிரைண்டர்: நாற்பத்து நாலு பேரிடம் காசு கேட்ட கதை

எங்கள் சீனியர்களின் வகுப்புக் குழுவில் போன வருடம் வந்த செய்தி ஒன்று, கைமாறிக் கைமாறி எங்கள் போன்களுக்கும் வந்து சேர்ந்தது. ஒரு மேடத்துக்கு மாற்றல் வந்தபோது அவர்களுடைய வகுப்புப் பிரதிநிதி அனுப்பியது.

"எல்லாரும் கண்டிப்பா 300 ரூபாய் நாளைக்குள்ள அனுப்பணும். மேடம் நமக்கு எவ்வளவு செஞ்சிருக்காங்கன்னு யோசிச்சுப் பாருங்க. அனுப்பினவங்க கீழே லிஸ்ட்ல பேர் சேர்த்துட்டு திரும்பப் போடுங்க. அனுப்பாதவங்க பேர் நாளைக்கு சாயங்காலம் தனியா வரும்."

அதை எழுதியவர் கெட்டவர் இல்லை. காசு வசூலிக்கிற வேலையைத் தலையில் கட்டியதும் எல்லோருக்கும் வருகிற பதற்றம்தான் அது. பணம் அவருக்குச் சேர்ந்தும் விட்டது. ஆனால் அந்த வகுப்பில் இரண்டு பேர் விழா நாளன்று கல்லூரிக்கே வரவில்லை என்று அவர்கள் ஆட்களே சொன்னார்கள். இந்த ஜனவரியில் அதே மாதிரி ஒரு செய்தியை நான் எழுத வேண்டி வந்தபோது, என் முன்னால் இருந்த ஒரே முன்மாதிரி இதுதான். அதனால் இதை வரி வரியாகப் பிரித்துப் பார்க்க வேண்டியதாயிற்று.

எங்கள் கதை இது. திருநெல்வேலிப் பக்கம் அரசு உதவி பெறும் கல்லூரி ஒன்றில் பி.எஸ்ஸி. வேதியியல் மூன்றாம் ஆண்டு. நாற்பத்து நாலு பேர். பெண்கள் பக்கத்துக்கு நான் பிரதிநிதி, பையன்கள் பக்கத்துக்கு ஒருவன். ஓய்வு பெறப் போனவர் எங்கள் ஆய்வக உதவியாளர். துறையில் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. பிள்ளைகளுக்கும் அண்ணாச்சி, பேராசிரியர்களுக்கும் அண்ணாச்சி. உப்புப் பகுப்பாய்வில் தப்பான அயனியை எழுதிவிட்டு நாங்கள் நோட்டை மூடப் போகும்போது, "அந்தக் குழாயை இன்னொருக்க சூடு பண்ணிப் பாரும்மா" என்று சொல்லிவிட்டு அந்தப் பக்கம் போய்விடுவார். விடையைச் சொல்ல மாட்டார். பியூரெட் முனையை உடைத்த பையனை உடைப்புப் பதிவேட்டில் எழுதுவதற்கு முன்னால், "இது ஏற்கெனவே கீறல் விட்டது" என்று அவரே சாட்சி சொல்லியும் இருக்கிறார்.

அவர் ஓய்வு பெறும் வயதிலும் எங்களுக்கு ஒரு யோகம் இருந்தது. தமிழ்நாட்டில் ஓய்வு வயது 58 ஆக இருந்து, 2020 மே மாதம் 59 ஆகி, 2021 பிப்ரவரியில் 60 ஆனது. பழைய கணக்கே நீடித்திருந்தால், நாங்கள் முதலாண்டில் சேர்ந்த அரை வருடத்திலேயே அவர் போயிருப்பார். அறுபது முடிகிற மாதத்தின் கடைசி நாளில் ஓய்வு. ஆசிரியர்கள் என்றால் கல்வியாண்டு முடிகிற வரை மறுநியமனம் கிடைக்கும். ஆய்வக உதவியாளருக்கு அது இல்லை. அதனால்தான் செமஸ்டர் நடுவே, 2026 ஜனவரி 31 சனிக்கிழமையோடு அவர் வேலை முடிந்தது. துறையில் 30ஆம் தேதி வெள்ளிக்கிழமை மதியம் வழியனுப்பு என்று முடிவானது.

செய்தி எழுதுவதற்கு முன் நாங்கள் இருவரும் உட்கார்ந்து பேசியது ஒரே ஒரு கேள்வியைத்தான். கொடுக்க முடியாதவர் யார் என்று யாருக்கும் தெரியாமல் இந்த வசூலை நடத்த முடியுமா?

இதை இவ்வளவு பெரிதாக எடுத்துக்கொண்டதற்குக் காரணம் எங்கள் வகுப்பின் நிலவரம். அரசுப் பள்ளியில் படித்து வந்த பெண்களில் பலருக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாய் வருகிறது. பையன்களில் சிலருக்குத் தமிழ்ப் புதல்வனில் வருகிறது. வீட்டிலிருந்து வேறு காசு வராதவர்களும் அதில் உண்டு. நோட்டு, ஜெராக்ஸ், ரெக்கார்டு, போன் ரீசார்ஜ் எல்லாம் அந்த ஆயிரத்தில்தான். மகளிருக்குக் கட்டணமில்லாத டவுன் பஸ்ஸில் வந்து, வீட்டுச் சாப்பாட்டைச் சாப்பிட்டுவிட்டு, கையில் பத்து ரூபாய்கூட இல்லாமல் திரும்பிப் போகிறவர்கள் எனக்குத் தெரிந்தே இருக்கிறார்கள். அப்படிப்பட்டவளிடம் முந்நூறு ரூபாயை நாளைக்குள் அனுப்பு என்றால், அவள் பக்கத்தில் இருப்பவளிடம் கடன் வாங்கி அனுப்புவாள். அனுப்பவில்லை என்று பெயர் வருவதைவிட அது மேல்.

பெயர்ப் பட்டியல் போடும் பழக்கம் நமக்கு மொய் நோட்டிலிருந்து வந்தது என்று நினைக்கிறேன். கல்யாண வீட்டு வாசலில் ஊர், பெயர், தொகை என்று மூன்றையும் எழுதி வாங்குவதில் ஒரு நியாயம் இருக்கிறது. அது திரும்பச் செய்ய வேண்டிய காசு. எழுதாவிட்டால் நாளைக்கு யாருக்கு எவ்வளவு செய்வது என்று தெரியாது. ஆனால் வழியனுப்புப் பரிசுக்குக் கொடுக்கிற காசு யாருக்கும் திரும்பி வரப்போவதில்லை. அப்படியிருக்க அந்த நோட்டு எதற்கு?

பட்டியல் எந்தெந்த உருவத்தில் எல்லாம் வரும் என்று யோசித்தபோதுதான் வாட்ஸ்அப்பின் குணம் புரிந்தது. "பேரைச் சேர்த்துத் திரும்பப் போடுங்க" என்கிற பட்டியல் ஒன்று. முப்பது பெயர் ஏறிய பிறகு இல்லாத பதினாலு பெயர்தான் கண்ணில் படும். இரண்டாவது வாக்கெடுப்பு. யார் எதற்கு வாக்களித்தார்கள் என்று அதைத் தொட்டுப் பார்க்கிற எல்லோருக்கும் தெரியும். கிரைண்டரா குத்துவிளக்கா என்று கேட்க அது போதும். நீ 200 தருவாயா 100 தருவாயா என்று கேட்க அது ஆகவே ஆகாது. மூன்றாவது யாரும் கேட்காமலே வருகிற பட்டியல்: ஸ்கிரீன்ஷாட். ஒருவன் பணம் அனுப்பிய படத்தைக் குழுவில் போட்டால் போதும், அடுத்து இருபது படம் வரிசையாக விழும். படம் போடாதவர் கொடுக்காதவர் ஆகிவிடுவார். எனவே ஸ்கிரீன்ஷாட்டைக் குழுவில் போடாதீர்கள் என்ற வரி செய்தியிலேயே இருக்க வேண்டும் என்று முடிவு செய்தோம்.

இன்னொரு வாசல் பரிசு வாங்குகிறவர் பக்கம் இருக்கிறது. ஓய்வு பெறுகிறவர் வகுப்பு ஆசிரியராக இருந்து, 25 மதிப்பெண் உள்மதிப்பீடு இன்னும் அவர் கையில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கொடுத்தவர் பட்டியல் தப்பித்தவறி அவர் கண்ணில் பட்டால்கூடப் பிள்ளைகளுக்கு வயிறு கலங்கும். அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் கலங்கும். அண்ணாச்சி மதிப்பெண் போடுகிறவர் இல்லை. இருந்தும் எங்களுக்கு இருக்கிற இரண்டு குழுக்களில், ஆசிரியர்கள் இல்லாத குழுவில் மட்டும்தான் செய்தி போக வேண்டும் என்று வைத்துக்கொண்டோம்.

தபால் துறையில் வேலை பார்க்கும் என் அத்தையிடம் இதைச் சொன்னபோது சிரித்தார்கள். "ஏட்டி, இதுக்கு எங்களுக்கு ரூலே உண்டு" என்றார்கள். மத்திய அரசு ஊழியர் நடத்தை விதிகள், 1964. அதில் 14ஆவது விதி. ஓய்வு பெறுகிறவருக்கோ மாற்றலாகிறவருக்கோ தனிப்பட்ட முறையில், ஆடம்பரமில்லாமல் வழியனுப்பு நடத்தலாம். ஆனால் அதற்குச் சந்தா கொடுக்கும்படி எந்த ஊழியரையும் வற்புறுத்தக் கூடாது. மேல்நிலை அதிகாரியின் விருந்துக்காகக் கீழ்நிலை ஊழியர்களிடம் வசூலிக்கவே கூடாது. கல்லூரிப் பிள்ளைகளை அந்த விதி கட்டுப்படுத்தாதுதான். ஆனாலும் சம்பளம் வாங்குகிறவர்களிடையே கூட இப்படி ஒரு விதி தேவைப்பட்டிருக்கிறது என்றால், சம்பளமே இல்லாத எங்களுக்கு எவ்வளவு தேவைப்படும் என்று தோன்றியது. "அப்படியும் நாங்க லிஸ்ட் போடத்தான் செய்யுதோம்" என்று அத்தை சொன்னது வேறு விஷயம்.

அடுத்தது என்ன வாங்குவது. கண்ணாடிப் பெட்டிக்குள் கோபுரம் வைத்த நினைவுப் பரிசு என்று முதலில் ஒருவன் சொன்னான். ஓய்வு பெற்றவர்கள் வீட்டுப் பரணில் அது எத்தனை கிடக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். வெள்ளி என்றாள் ஒருத்தி. வெள்ளி விற்கிற விலையில் எங்கள் பட்ஜெட்டுக்குக் குங்குமச் சிமிழ்தான் கிடைக்கும். பணமாகவே கொடுத்துவிடலாமா என்று துறைத்தலைவரிடம் கேட்டோம், வேண்டவே வேண்டாம் என்றார். கடைசியில் பக்கத்துத் துறை உதவியாளரிடம் சொல்லி அண்ணாச்சி வீட்டு அக்காவிடம் கேட்கச் சொன்னோம். வீட்டு கிரைண்டரில் மோட்டார் போய்விட்டது, மிக்ஸியில்தான் மாவு ஆட்டுகிறார்கள் என்று செய்தி வந்தது. மிக்ஸியில் ஆட்டிய மாவில் இட்லி எப்படி இருக்கும் என்று விடுதிப் பிள்ளைகளுக்குத் தெரியும். மறுபேச்சே இல்லை. இரண்டு லிட்டர் டேபிள் டாப் கிரைண்டர். பரிசு இன்னது என்று தெரிந்த பிறகுதான் காசைப் பற்றி வாயைத் திறக்க வேண்டும். என்ன வாங்கப் போகிறோம் என்றே தெரியாத வசூலில் யாருக்கும் கை நீளாது.

டவுணில் இரண்டு கடைகளில் விலை கேட்டதில் சுமார் 5,200 என்றார்கள். எல்லோரும் நிற்கிற படத்தைப் பெரிதாகப் போட்டுச் சட்டம் கட்ட 650. பொன்னாடை 250. டீ, வடை, இனிப்புக்கு 900. மொத்தம் 7,000.

இங்கேதான் ஒரு சின்னக் கணக்கு வருகிறது. ஏழாயிரத்தை நாற்பத்து நாலால் வகுத்தால் தலைக்கு 160 கூட வராது. அதையே கேட்டிருந்தால், ஒவ்வொருவர் விடுபடும்போதும் பள்ளம் விழும். பள்ளம் விழுந்தால் விடுபட்டவர்களைத் துரத்த வேண்டி வரும். துரத்தினால் பட்டியல் வந்துவிடும். எனவே முப்பத்தைந்து பேர் கொடுப்பார்கள் என்று வைத்து வகுத்தோம்: சரியாக 200. அந்த ஒன்பது பேர் யார் என்று நாங்கள் யோசிக்கவே இல்லை. யாராக இருந்தாலும் சரி என்பதுதான் அந்த வகுத்தலின் பொருள். அதிலும் குறைந்தால் எதை வெட்டுவது என்றும் முன்பே பேசி வைத்தோம். முதலில் வடை போகும். அடுத்து பொன்னாடை, எப்படியும் துறை சார்பில் ஒன்று போடுவார்கள். கிரைண்டரும் படமும் நிற்கும்.

யார் கணக்கில் பணம் வாங்குவது என்பதிலும் ஒரு சிக்கல் இருந்தது. பையன்கள் பிரதிநிதியின் கணக்கு ஒரு தனியார் வங்கியில். குறைந்தபட்ச இருப்பு இல்லாமல் பல மாதமாகக் கட்டணம் பாக்கி நிற்கிறது. அப்படிப்பட்ட கணக்கில் காசு விழுந்ததும் வங்கி முதலில் தன் பாக்கியைப் பிடித்துக்கொள்ளும்; முதல் இரண்டு பேர் அனுப்பியது அண்ணாச்சிக்கு முன்னால் வங்கிக்குப் போயிருக்கும். என்னுடையது இருப்பே தேவையில்லாத கணக்கு, அதனால் பணம் என்னிடம். கணக்கெழுதும் நோட்டு அவனிடம். தினமும் சாயங்காலம் என் போனில் வந்ததையும் அவன் எழுதியதையும் ஒத்துப் பார்ப்போம். ஒருவரிடமே இரண்டும் இருந்தால் அவர் நேர்மையைப் பற்றிப் பேச்சு வரும். இரண்டாகப் பிரித்துவிட்டால் அந்தப் பேச்சுக்கு இடமில்லை.

பொங்கலுக்கு முன்னால் கேட்கக் கூடாது என்பதில் நான் உறுதியாக இருந்தேன். பொங்கல் முடிந்து வருகிறபோது மாமா, சித்தி, பெரியப்பா கொடுத்த பொங்கல் காசு கொஞ்சமாவது பையில் இருக்கும். லீவு முடிந்த திங்கட்கிழமை, 19ஆம் தேதி, இரவு எட்டு மணிக்குச் செய்தி போட்டேன். அதற்கு முன்பே இரண்டு வேலைகளை முடித்திருந்தோம். ஆய்வகத்தில் நாற்பத்து நாலு பேரும் அண்ணாச்சியோடு நின்று படம் எடுத்தாயிற்று. பெரிய வாழ்த்து அட்டை ஒன்றில் எல்லோரும் கையெழுத்துப் போட்டாயிற்று. காசு கேட்ட பிறகு அட்டையை நீட்டினால், கொடுக்காதவருக்குப் பேனா பிடிக்கக் கை கூசும். முன்பே கையெழுத்து வாங்கிவிட்டால் அந்தப் பரிசில் அவர் ஏற்கெனவே இருக்கிறார்.

கடைசியில் அனுப்பிய செய்தி இது. எண்ணையும் பெயரையும் மட்டும் எடுத்துவிட்டேன்.

"எல்லாருக்கும் வணக்கம். நம்ம லேப் அண்ணாச்சி ஜனவரி 31-ஓட ரிட்டயர் ஆகுறாங்க. 30 வெள்ளிக்கிழமை மதியம் மூணு மணிக்கு லேப்லயே சின்னதா வழியனுப்பு.

நம்ம வகுப்பு சார்பா ஒரு டேபிள் டாப் கிரைண்டரும் அன்னைக்கு எடுத்த போட்டோவும் கொடுக்கிறோம். வீட்ல கேட்டாச்சு, அவங்களுக்குத் தேவையான பொருள்தான்.

செலவு: கிரைண்டர் 5,200, போட்டோ 650, பொன்னாடை 250, டீ வடை 900. மொத்தம் 7,000.

முடிஞ்சவங்க 200 கொடுங்க. 100, 50-ம் சரிதான். இந்த மாசம் முடியலன்னா விட்டுடுங்க, யாரும் காரணம் சொல்ல வேண்டாம். யார் எவ்வளவு கொடுத்தாங்கன்னு எங்க ரெண்டு பேரைத் தவிர யாருக்கும் தெரியாது. லிஸ்ட் கிடையாது. பரிசு 44 பேர் பேர்லயும்தான்.

ஜிபே, போன்பே எதுல வேணா அனுப்பலாம். நம்பர் இது. இந்தப் பேர் வந்தா மட்டும் அனுப்புங்க. குறிப்புல உங்க ரோல் நம்பரோட கடைசி ரெண்டு எண் போடுங்க. ஸ்கிரீன்ஷாட் குரூப்புல போடாதீங்க, எனக்கும் வேண்டாம். கையில தர்றவங்க கவர்ல போட்டு எங்க ரெண்டு பேர்ல யார்கிட்டயும் தரலாம்.

கடைசி நாள் 23 வெள்ளி. சனிக்கிழமை கிரைண்டர் வாங்கப் போறோம். மிச்சம் இருந்தா லேப் கூட்டுற அக்காவுக்கு ஸ்வீட். பில்லோட கணக்கு 31-ஆம் தேதி இங்க வரும்."

இதில் இல்லாததையும் சொல்லிவிடுகிறேன். அண்ணாச்சி நமக்கு எவ்வளவு செய்தார் என்று ஒரு வரிகூட இல்லை. சீனியர் செய்தியில் எனக்குப் பிடிக்காத வரி அதுதான். "கண்டிப்பா" என்பதைவிட அது அதிகம் அழுத்தும். மூன்று வருடம் ஒரே ஆய்வகத்தில் நின்றவர்களுக்கு அதை நினைவூட்ட வேண்டியதில்லை. நினைவூட்டினால், ஐம்பது ரூபாய் அனுப்புகிறவளுக்கு அவர் அருமைக்கு ஐம்பதுதானா என்று தோன்றும். ஒரு தோழி, "குறைந்தபட்சம் 100 என்று போடு, இல்லாவிட்டால் எல்லோரும் ஐம்பது அனுப்புவார்கள்" என்றாள். கேட்கவில்லை. 200 என்ற எண் முதலில் நின்றால் முடிந்தவர்கள் அதைத்தான் அனுப்புவார்கள் என்பது என் கணிப்பு. எண்ணே போடாமல் "உங்களால் முடிந்தது" என்று மட்டும் விட்டால்தான் குழப்பம். எவ்வளவு அனுப்பினால் மரியாதை என்று ஆளாளுக்குத் தனியே கேட்டுக்கொண்டிருப்பார்கள்.

ரோல் நம்பர் வரிக்குக் காரணம் அப்பாக்கள். பாதிப் பேர் போனில் இருப்பது அப்பா அல்லது அண்ணன் கணக்கு. என் திரையில் முருகேசன், பேச்சியம்மாள், சுடலைமுத்து என்று பெயர்கள் வந்து விழும். யார் வீட்டு முருகேசன் என்று யாருக்குத் தெரியும்? குறிப்பில் 27 என்று இருந்தால் வேலை முடிந்தது. பெயர் வந்தால் மட்டும் அனுப்புங்கள் என்பது, ஒரு எண்ணைத் தப்பாகத் தட்டி முன்பின் தெரியாதவருக்கு அனுப்பிவிட்டுப் புலம்பாமல் இருக்க. கியூஆர் படம் போடாமல் எண்ணை எழுத்தாகவே போட்டதற்குக் காரணம், அதே போனில் வந்த படத்தை அதே போனால் காட்டி ஸ்கேன் பண்ண முடியாது, கேலரியிலிருந்து ஏற்ற வேண்டும். எண் என்றால் அழுத்திப் பிடித்தால் நகல் ஆகிவிடும். பணம் கேட்டு ஆளுக்கொரு கோரிக்கை அனுப்பும் வசதி முன்பு யூபிஐயில் இருந்தது. தனிநபர்களுக்கிடையே அதை 2025 அக்டோபரில் நிறுத்திவிட்டார்கள். இருந்திருந்தாலும் நான் அனுப்பியிருக்க மாட்டேன். சாப்பிட்டுக்கொண்டிருக்கும் அப்பாவின் போனில் "200 ரூபாய் கேட்கிறார்" என்று மணி அடித்தால் அந்த வீட்டில் என்ன பேச்சு நடக்கும்?

செய்தி போட்டதும் ஒரு மணி நேரம் அமைதி. நாலைந்து கட்டைவிரல்கள் மட்டும். ஒன்பதரைக்குமேல் ஒவ்வொன்றாக வரத் தொடங்கியது. செவ்வாய்க்கிழமை ஒரு பையன் வந்து, காசு போய்விட்டது, உனக்கு வந்ததா என்றான். வரவில்லை. அவன் போனில் நடந்துகொண்டிருக்கிறது என்றே காட்டியது. திரும்ப அனுப்பப் போனவனை நிறுத்தினேன். கணக்கில் கழிந்து எதிர்க்கணக்கில் ஏறாத யூபிஐ பணம் அடுத்த நாளுக்குள் தானாகத் திரும்ப வேண்டும், தாமதமானால் நாளுக்கு 100 ரூபாய் வங்கி தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2019லேயே சொல்லியிருக்கிறது. மறுநாள் காலை அவனுக்கே திரும்பி வந்தது, மறுபடி அனுப்பினான். ஸ்கிரீன்ஷாட்டை நம்பி அவன் பெயரில் எழுதியிருந்தால் 200 குறைந்து, எங்கே போனது என்று மண்டையை உடைத்துக்கொண்டிருப்போம். வந்ததற்குச் சாட்சி என் கணக்கு மட்டும்தான்.

புதன்கிழமை இரவு ஒரே ஒரு நினைவூட்டல் போட்டேன். "இதுவரை 4,300 சேர்ந்திருக்கு, வெள்ளிக்கிழமை வரை நேரம் இருக்கு." எத்தனை பேர் கொடுத்தார்கள் என்று அதில் இல்லை. தொகையைச் சொன்னால் இன்னும் எவ்வளவு வேண்டும் என்று தெரியும், எண்ணிக்கையைச் சொன்னால் மிச்சம் யார் என்று தேடத் தொடங்குவார்கள். தனியாக யாருக்கும் செய்தி அனுப்பவில்லை. என் கூட்டாளிக்கு அதில் வருத்தம்தான். "ரெண்டு பேர் மறந்திருப்பான், சும்மா கேட்டா கொடுத்துருவான்" என்றான். உண்மைதான். ஆனால் மறந்தவன் யார், முடியாதவன் யார் என்று எங்களுக்குத் தெரியாதே. மறந்தவனின் 200 ரூபாய்க்காக முடியாதவனைத் தட்டி எழுப்ப வேண்டாம் என்று விட்டுவிட்டோம்.

வெள்ளிக்கிழமை இரவு கவர்களையும் பிரித்து எண்ணினோம். முப்பது பேர் 200. ஆறு பேர் 100. இரண்டு பேர் 50. ஒருவர் 500. மொத்தம் 7,200. ஐந்து பேரிடமிருந்து எதுவும் இல்லை. ஐந்நூறு கொடுத்தவருக்குக் குழுவில் நன்றி சொல்லலாமே என்றான் கூட்டாளி. சொன்னால் அதுவும் பட்டியல்தான். தனியே ஒரு நன்றியோடு நிறுத்திக்கொண்டோம்.

சனிக்கிழமை கடையில் பேரம் பேசியதில் கிரைண்டர் 4,950க்குப் படிந்தது. உத்தரவாத அட்டையில் கடைக்காரர் என் பெயரை எழுதப் போனார். அண்ணாச்சி பெயரை எழுத வைத்தோம். நாளைக்கு மோட்டாரில் ஏதாவது வந்தால் அலையப் போகிறவர் அவர். கடையிலேயே மின்சாரத்தில் ஒரு நிமிடம் ஓட விட்டுச் சத்தம் கேட்டுவிட்டுத்தான் பெட்டியை ஒட்டச் சொன்னோம். பரிசுத்தாள் சுற்றிய பிறகு கல் ஆடுகிறது என்று தெரிந்தால் யாருக்குச் சங்கடம்?

வழியனுப்பு நடந்தது. பேராசிரியர்கள் பேசினார்கள். பேசச் சொன்னதற்கு அண்ணாச்சி இரண்டு வாக்கியம் பேசிவிட்டு, உடைப்புப் பதிவேட்டைப் புதிதாக வருகிறவர் எங்கே வைத்துக்கொள்ள வேண்டும் என்று விளக்க ஆரம்பித்துவிட்டார். நாற்பத்து நாலு பேரும் வந்திருந்தோம்.

31ஆம் தேதி இரவு பில் படங்களோடு கணக்கைப் போட்டேன். வரவு 7,200. கிரைண்டர் 4,950. போட்டோ 650. பொன்னாடை 280. டீ, வடை, இனிப்பு 960. ஆட்டோ 150. ஆக 6,990. மிச்சம் 210, அதில் கூட்டுகிற அக்காவுக்கு ஒரு இனிப்புப் பெட்டி வாங்கிக் கொடுத்தாயிற்று. ஆட்டோ எங்கள் பட்ஜெட்டில் இல்லை. இதுபோன்ற வசூலில் பொருளைத் தூக்கி வருகிற செலவை யாருமே எழுதுவதில்லை, கடைசியில் அது பிரதிநிதியின் பையிலிருந்து போகும். நான் எழுதினேன்.

ஐந்து நிமிடத்தில் ஒருவன் கேட்டான்: "டவுண்லருந்து காலேஜுக்கு ஆட்டோ நூத்தம்பதா?" கிரைண்டரின் எடை பத்துக் கிலோவுக்கு மேல், கல் தனி, போட்டோ சட்டத்தில் கண்ணாடி என்று நான் தட்டிக்கொண்டிருக்கும்போதே அவனே அடுத்ததைப் போட்டான். "எல, என்கிட்ட சொல்லியிருந்தா எங்கப்பா லோடு ஆட்டோலயே ஏத்திட்டு வந்திருப்பேன்லா."

அடுத்த பிரதிநிதி கவனிக்கவும்: விலை கேட்பதற்கு முன்னால் யார் வீட்டில் லோடு ஆட்டோ இருக்கிறது என்று கேளுங்கள்.